அம்புகளின் கணக்கு – 9
சாய்ந்து பெய்யும் மழையும் பத்துபஸ்தியின் தகரக் கூரையும்

இரண்டு வெக்டர்களைப் பெருக்க இரண்டு வழிகள் உண்டு, புள்ளிப் பெருக்கலில் விடை வெறும் எண், குறுக்குப் பெருக்கலில் விடை இன்னொரு வெக்டர் என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் சூரிய ஒளித் தகட்டைக் கூரையில் எந்தச் சரிவில் வைப்பது என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காக ஒரு கூரையின் அளவுகளைத் தாளில் போட்டேன். வெயிலுக்கு முன்னால் மழை வந்துவிட்டது. மழை கொடுத்த விடை என்னை வேறெங்கும் நகர விடவில்லை.

கூரை இருக்கும் இடம் பத்துபஸ்தி. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேயரை ஒட்டி, காராசர்மா போகும் பக்கத்தில் உள்ள குடியிருப்பு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. ஆனாலும் ஜனவரி பிறந்து மழை ஓய்ந்தால், தனிக்காரி அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் குழாய்த் தண்ணீர் வரும். அதனால் அங்கே கூரைத் தண்ணீர் என்பது வீட்டுக் கணக்கில் சேரும் பொருள். கூரைகளோ பெரும்பாலும் இரு பக்கமும் சரிந்த தகரக் கூரைகள்.

அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முகடு கிழக்கு மேற்காக 10 மீட்டர் ஓடுகிறது. ஒரு சரிவு தெற்கே பார்க்கிறது, இன்னொன்று வடக்கே. தெற்கு விளிம்பிலிருந்து முகட்டுக்கு நேர் கீழே உள்ள இடம் வரை தரையில் அளந்தால் 3.6 மீட்டர். விளிம்பைவிட முகடு 1.5 மீட்டர் உயரம். இந்த மூன்று எண்கள் போதும். கிழக்கு, வடக்கு, மேலே என்ற வரிசையில் எழுதினால் தெற்குச் சரிவின் இரண்டு ஓரங்களும் இரண்டு அம்புகள் ஆகின்றன:

```
A = (10, 0, 0)
B = (0, 3.6, 1.5)
A × B = (0, −15, 36)
```

நடு எண் எப்படி −15 ஆனது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குறுக்குப் பெருக்கலில் ஒவ்வோர் இடத்துக்கும் மற்ற இரண்டு இடங்களின் எண்களைக் குறுக்காகப் பெருக்கிக் கழிக்கிறோம். நடு இடத்துக்கு 0 × 0 − 10 × 1.5. கடைசி இடத்துக்கு 10 × 3.6 − 0 × 0, அதாவது 36.

இந்த விடை அம்பு தகரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. தெற்கே 15, மேலே 36 என்று சாய்ந்திருக்கிறது. அதன் நீளம் 225ஐயும் 1,296ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 39. தெற்குச் சரிவின் பரப்பு 39 சதுர மீட்டர் என்பதுதான் அதன் பொருள். வடக்குச் சரிவுக்கு இதே போல (0, 15, 36) வரும், அதுவும் 39. ஆக, கடையில் வாங்க வேண்டிய தகரம் 78 சதுர மீட்டர். ஒரு தகட்டின் மேல் அடுத்தது ஏறி உட்காரும் மடிப்புக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வரிசையை மாற்றி B × A என்று போட்டால் (0, 15, −36) வரும். பரப்பு மாறாது, ஆனால் அம்பு வீட்டுக்குள் பார்க்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: வானத்தைப் பார்க்கும் கூரைக்குக் கடைசி எண் கூட்டல் குறியோடுதான் இருக்க வேண்டும். அது கழித்தலாக வந்தால் இனி போடும் மழைக் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும்.

அடுத்தது கோணம். இரண்டு சரிவுகளின் அம்புகளையும் புள்ளிப் பெருக்கல் செய்தால் −225 + 1,296 = 1,071. அதை 39 × 39ஆல், அதாவது 1,521ஆல் வகுத்தால் 0.704. கொசைன் மதிப்பு 0.704 வரும் கோணம் 45 பாகையை ஒட்டியது. இது செங்குத்து அம்புகளுக்கு இடையே உள்ள கோணம். தகரங்களுக்கு இடையே முகட்டின் உள்பக்கம் இருப்பது 180இலிருந்து இதைக் கழித்த 135 பாகை. முகட்டை மூடும் தகட்டை வளைக்க வேண்டியதும் இந்தக் கோணத்தில்தான். 45க்கு வளைத்தால் அது கூரையில் உட்காரவே உட்காராது.

இனி மழை. ஒரு சதுர மீட்டர் சமதரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். காற்றே இல்லாமல் நேர் செங்குத்தாக 10 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூரை 78 சதுர மீட்டர் என்பதால் 780 லிட்டர் கிடைக்குமா? கிடைக்காது. மழை பார்ப்பது தகரத்தின் பரப்பை அல்ல, அதன் வீழலை. மேலே நோக்கிய (0, 0, 1) என்ற அம்போடு ஒவ்வொரு சரிவையும் புள்ளிப் பெருக்கல் செய்தால் 36, 36. மொத்தம் 72 சதுர மீட்டர், ஆகவே 720 லிட்டர். தகரத்தின் பரப்பை வைத்துப் போட்ட கணக்கு 60 லிட்டரை இல்லாத மழையிலிருந்து எடுத்தது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் என்றால் இந்த வித்தியாசமே 18,000 லிட்டர்.

இதுவரை பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால் தென்மேற்குப் பருவ மழை அங்கே செங்குத்தாகப் பெய்வதில்லை. பத்துபஸ்தியில் ஒரு கூரை வேலைக்காரரிடம் தகர ஓடையை எந்தப் பக்கம் கட்டுவீர்கள் என்று கேட்டேன். "காத்து அடிக்கிற பக்கம்தான் சார் முதல்ல நிறையும். அந்தப் பக்கத்துக்குப் பெரிய ஓடையா போடணும், இந்தப் பக்கம் சின்னதே போதும்" என்றார். எவ்வளவு பெரிது? அதை எண்ணால் சொல்ல முடியுமா என்றுதான் உட்கார்ந்தேன்.

நடுத்தர மழைத்துளி ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. காற்றும் தெற்கிலிருந்து விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசினால் துளி 45 பாகை சாய்வில் வரும். மழைமானியில் பதிவாவது அதே 10 மில்லிமீட்டர் என்றால் மழையின் அம்பு (0, 10, −10): வடக்கே 10, கீழே 10. துளி உள்ளே வருகிறது, கூரையின் அம்பு வெளியே பார்க்கிறது. அதனால் புள்ளிப் பெருக்கலின் விடையில் குறியை மாற்றிப் படிக்க வேண்டும்.

```
தெற்கு: −[10 × (−15) + (−10) × 36] = 510
வடக்கு: −[10 × 15 + (−10) × 36] = 210
```

தெற்கு ஓடையில் 510 லிட்டர், வடக்கு ஓடையில் 210. கூரை வேலைக்காரர் கைப்பழக்கத்தில் சொன்னது சரிதான், இரண்டரை மடங்கு வித்தியாசம். இப்போது இரண்டையும் கூட்டுங்கள்: 720. காற்றில்லாத மழையில் வந்த அதே 720!

காற்றைப் பாதியாகக் குறைத்தால் 435, 285 என்று வருகிறது, கூட்டினால் 720. இரட்டிப்பாக்கினால் 660, 60. அப்போதும் 720. காற்று ஒரு சரிவிலிருந்து எடுத்ததை ஒரு லிட்டர் பிசகாமல் அடுத்த சரிவில் கொண்டுபோய்க் கொட்டுகிறது.

காரணம் அந்த 15இல் இருக்கிறது. ஒரு சரிவில் அது −15, மறுசரிவில் +15. கூட்டினால் தெற்கும் வடக்கும் அழிந்து (0, 0, 72) மட்டும் நிற்கிறது. காற்று எதைத் தள்ளினாலும் பூச்சியத்தோடு பெருக்கியதாகிவிடும். இது இந்த வீட்டுக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் அல்ல. எந்த மூடிய பெட்டியை எடுத்தாலும் அதன் முகங்கள் எல்லாவற்றிலும் வெளிப்பக்கம் பார்க்கும் பரப்பு அம்புகளைக் கூட்டினால் விடை பூச்சியம். கூரைக்கு அடியில் விளிம்பு மட்டத்தில் ஒரு தட்டையான பலகை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அம்பு கீழே பார்க்கும், (0, 0, −72). பக்கவாட்டு முக்கோணச் சுவர்கள் இரண்டும் எதிரெதிரே பார்ப்பதால் தமக்குள் அழிந்துவிடும். மிஞ்சிய இரு சரிவுகளும் சேர்ந்து பலகையைச் சரிக்கட்டியே ஆக வேண்டும், ஆகவே அவை (0, 0, 72). முகட்டை உயர்த்துங்கள், தாழ்த்துங்கள், நடுவிலிருந்து ஒரு பக்கம் நகர்த்துங்கள், நான்கு பக்கமும் சரித்துக் கட்டுங்கள். சரிவுகளின் கூட்டல் அதே 72 மேல்நோக்கி. வாங்கும் தகரம் மாறும், ஒவ்வொரு ஓடைக்கும் வரும் பங்கு மாறும், மொத்தத் தண்ணீர் மாறாது.

புள்ளி, குறுக்கு என்ற இந்தக் குறியீட்டை நமக்குக் கொடுத்தவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜோசையா வில்லார்ட் கிப்ஸ். 1881இல் தம் மாணவர்களுக்காகச் சொந்தமாக அச்சடித்த குறிப்பில் இரண்டு பெருக்கல்களையும் தனித்தனியே பிரித்து வைத்தார். அதுவரை ஹாமில்டன் 1843இல் கண்டுபிடித்த குவாட்டர்னியன் பெருக்கலுக்குள் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. பிரித்தது பாவம் என்பது போல ஹாமில்டனின் சீடர் டெய்ட் கடுமையாக எதிர்த்தார். கூரையைப் பார்த்தால் எனக்குக் கிப்ஸ் பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது. எவ்வளவு தகரம், எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஒரு கேள்வி. அதன் மேல் எவ்வளவு விழுகிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் குறுக்குப் பெருக்கல் ஒரு முறை போட்டால் போதும். பிறகு மழை திசை மாறும்போதெல்லாம் புள்ளிப் பெருக்கலை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த 720க்கு எல்லை உண்டு. வடக்குச் சரிவுக்கு வருவது, காற்றின் வேகம் துளியின் வேகத்தைப் போல 2.4 மடங்கு ஆகும்போது பூச்சியமாகிறது. 6 மீட்டர் துளிக்கு அது மணிக்குச் சுமார் 52 கிலோமீட்டர் காற்று. அதற்கு மேல் போனால் கணக்கு வடக்குக்குக் கழித்தல் எண்ணைக் கொடுக்கும். தகரத்தின் அடிப்பக்கத்திலிருந்து மழை வராது என்பதால் அங்கே பூச்சியம் என்றே எழுத வேண்டும். மூன்று மடங்கு காற்றில் தெற்கு 810 லிட்டர், வடக்கு காய்ந்து கிடக்கும். மொத்தம் 720ஐத் தாண்டிவிட்டது. கூடுதலாக வந்த 90 லிட்டர், வீட்டுக்கு வடக்கே தரையில் விழ வேண்டிய மழை. அதை முகடு மறித்துக்கொண்டது. புயல் நாளில் விடையில் கழித்தல் குறி தென்பட்டால், கூரை தனக்குத் தானே மழை மறைவு செய்கிறது என்று பொருள்.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தென்மேற்குக் காற்று நேர் தெற்கிலிருந்து வருவதில்லை. அதன் ஒரு பகுதி முகட்டோடு நீளவாக்கில் ஓடும். சரிவுகளின் அம்பில் முதல் எண் பூச்சியம் என்பதால் அந்தப் பகுதி தானே கணக்கிலிருந்து விழுந்துவிடும். முகட்டுக்குக் குறுக்கே வரும் பங்கு மட்டும் மிஞ்சும். அடுத்தது, 72 என்பது சுவரிலிருந்து சுவர் வரை அல்ல, தண்ணீர் சொட்டும் விளிம்பிலிருந்து விளிம்பு வரை. தாழ்வாரத்தை விட்டுவிட்டு அளப்பதுதான் இங்கே அதிகம் நேரும் தவறு. தெறிப்பு, ஓடை வழிவு, முதல் மழையின் அழுக்கைக் கழுவி விடுவது எல்லாம் போக, தகரக் கூரையில் 80 முதல் 90 விழுக்காடு தொட்டிக்குச் சேரும் என்று வைப்பது வழக்கம். அதுவும் இரண்டு பக்கமும் ஓடை இருந்தால். தெற்கில் மட்டும் கட்டியிருந்தால் தென்மேற்குப் பருவம் 510ஐத் தரும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குக் காற்று திரும்பியதும் பெரும்பங்கு வடக்கே வெறுந்தரையில் கொட்டிப் போகும். தொட்டியை நிரப்பி வைக்க வேண்டிய கடைசி மழை அதுதான். ஒரு பக்க ஓடையோடு நிறுத்தியவர்கள் இழப்பதும் அந்த மழையைத்தான்.

வாக்களித்த வெயில் அடுத்த வாரம். கூரை அதே கூரை, (0, −15, 36), (0, 15, 36). ஆனால் மழைக்கு இருந்த சமரசம் வெயிலுக்கு உதவாது, ஏனென்றால் ஒளித் தகட்டை ஒரு சரிவில்தான் வைக்கப் போகிறோம். பத்துபஸ்தி இருப்பது 11.6 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் மூன்றாம் வாரக் கடைசி முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரக் கடைசி வரை அங்கே உச்சி வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. அந்த உச்சியும் கடிகாரத்தில் 12 மணிக்கு வருவதில்லை, 11.20ஐ ஒட்டியே வந்துவிடுகிறது. அடுத்த வாரம் வருவதற்குள், இந்த இரண்டு அம்புகளில் எதை ஜூன் சூரியன் அதிகம் பார்க்கும், எதை டிசம்பர் சூரியன் பார்க்கும் என்று புள்ளிப் பெருக்கலில் போட்டு வையுங்கள்.