ஏழாம் தவணை முதல் பதினெட்டாம் தவணை வரை

வத்தலக்குண்டில் வீடு கட்ட ஒருவர் 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு ரூ.20 லட்சம் கடன் பெற்று, 2023 அக்டோபரில் முதல் தவணையைச் செலுத்தினார் எனக் கொள்வோம். மாதத் தவணை ரூ.17,995. பழைய வருமான வரி முறையில் வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு கோர, 2024-25 நிதியாண்டின் வட்டி தேவை. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான தவணைகள் 7 முதல் 18 வரை. எக்செல் விரிதாளில் ஒரே வரி போதும்:

```
=CUMIPMT(9%/12,240,2000000,7,18,0)
```

வரிசையாக மாத வட்டி, மொத்தத் தவணைகள், கடன் தொகை, தொடக்கத் தவணை, இறுதித் தவணை. கடைசிச் சுழியம், தவணை மாத இறுதியில் செலுத்தப்படுவதைக் குறிக்கும். விடை -1,76,763. கையைவிட்டுப் போகும் பணம் என்பதால் கழித்தல் குறி. செலுத்திய ரூ.2.16 லட்சத்தில் அசல் குறைந்தது ரூ.39,172 மட்டுமே.

12-ஆல் வகுக்க மறந்தால் விடை 21 லட்சத்தைத் தாண்டும். கடனைவிட ஓராண்டு வட்டி மிகுந்தால் பிழை அங்கேதான். இடையில் வட்டி விகிதம் மாறினாலோ, அசலில் ஒரு பகுதியை முன்கூட்டியே அடைத்தாலோ இக்கணக்கு பொருந்தாது; அப்போது வங்கியின் வட்டிச் சான்றிதழே இறுதியானது.