ஒரு வாக்குறுதி, எட்டு ஸ்லைடு

இன்ஸ்டாகிராமில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பதிவைக் கரோசல் என்கிறார்கள். 2017-இல் அது வந்தபோது ஒரு பதிவில் 10 ஸ்லைடு வரை போடலாம். 2024-இல் அது 20 ஆனது. இடம் கூடியதும், தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடும் ஆசையும் கூடிவிட்டது. அட்டை ஒன்றைச் சொல்ல, நாலாவது ஸ்லைடு வேறெங்கோ போனால், படிப்பவர் அங்கேயே நகர்ந்துவிடுவார்.

இரும்புத் தோசைக்கல் விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். ‘இரும்புக் கல்லைப் பற்றி’ என்பது வெறும் தலைப்பு. ‘புதுக் கல்லில் தோசை ஒட்டாமல் வர, வீட்டிலேயே கல்லைப் பழக்கலாம்’ என்பதுதான் வாக்குறுதி. யாருக்கு, முடிவில் என்ன கைகூடும் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. இதை ஒரு தாளின் தலையில் எழுதிவிட்டு, கீழே ஸ்லைடுக்கு ஒரு வரி எழுத வேண்டும்.

கடைக்காரர் எழுதியவை இவை: அட்டை, இரும்புப் பாத்திரத்தின் வரலாறு, கல்லைக் கழுவிக் காயவைத்தல், எண்ணெய் தடவிச் சூடாக்குதல், இரும்புச்சத்தின் நன்மை, அதையே மூன்று நான்கு முறை செய்தல், எங்களிடம் கிடைக்கும் அளவுகள், எங்களைப் பின்தொடருங்கள்.

இப்போது ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வி: இதை எடுத்துவிட்டால் தோசை ஒட்டுமா? வரலாற்றை எடுத்தால் ஒட்டாது. இரும்புச்சத்தையும் அளவுகளையும் எடுத்தாலும் அப்படித்தான். மூன்றும் நல்ல செய்திகளே. ஆனால் வேறு பதிவுக்கு உரியவை.

அடுத்து, நிற்கும் வரிகளை மட்டும் வரிசையாக வாசித்தால் விடுபட்டது தெரியும். எண்ணெய் எவ்வளவு? தடிமனாகத் தடவினால் அது இறுகாமல் பிசுபிசுக்கும். தடவியதைத் துணியால் துடைத்தெடுத்த பிறகே சூடாக்க வேண்டும். கல் பழகிவிட்டது என்று எப்படித் தெரியும்? முதல் தோசை ஒட்டினால் என்ன செய்வது? காலியான மூன்று இடங்களுக்கு இந்த மூன்றும் வந்து அமர்கின்றன. கடைசி ஸ்லைடும் மாறும்: ‘கல் பழக்கும் நாளில் பார்க்க, சேமித்து வையுங்கள்.’

இந்தச் சோதனையை வடிவமைப்புக்கு முன்பே செய்ய வேண்டும். தாளில் ஒரு வரியை அடிக்க ஒரு நொடி போதும். படம் வைத்து, நிறம் சேர்த்து அழகாக்கிய ஸ்லைடை நீக்க மனம் வராது. அதற்கு ஏதாவது காரணம் கண்டுபிடித்துக் காப்பாற்றுவோம். எடுத்தாலும், பக்க எண்ணும் அம்புக்குறியும் தொடர்ந்து ஓடும் பின்னணியும் கலைந்துபோகும்.

பாதிக்கு மேல் வரிகள் தோற்றால், குறை வரிகளில் இல்லாமலும் இருக்கலாம். எழுதியதில் பெரும்பகுதி அளவு, எடை, விலை என்றே இருந்தால், கடைக்காரர் உண்மையில் சொல்ல வந்தது ‘உங்கள் அடுப்புக்கு ஏற்ற கல் எது’ என்பதாகும். அப்போது மாற்ற வேண்டியது தாளின் தலையில் உள்ள வாக்குறுதியை. மாற்றிய பின், முதல் வரியிலிருந்து மீண்டும் கேட்டுப் பார்க்க வேண்டும்.