சீசன் தொழிலுக்கு ஓ.டி. எந்த மாதத்தில் தேவை?

சிவகாசியில் ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டு காலண்டருக்கான மாதிரி ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அன்றிலிருந்து ஆர்டர் பிடிக்கும் வேலை தொடங்கும். நகைக்கடையும் ஜவுளிக்கடையும் வாடிக்கையாளர்களுக்குப் புத்தாண்டுக்குக் கொடுக்கும் தினசரி காலண்டர்கள் டிசம்பர் முடிவதற்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் அச்சகத்துக்குப் பணம் முழுதாக வந்து சேரும்போது மாசி பிறந்திருக்கும். காகிதமும் அட்டையும் கூலியும் இதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே பணத்தைக் கேட்கும். லாபமாக நடக்கும் அச்சகம்கூட ஐப்பசியில் சனிக்கிழமைக் கூலிக்குத் தடுமாறுவது இதனால்தான்.

அந்தத் தடுமாற்றம் எந்த மாதம் வரும், எவ்வளவு ஆழமாக வரும் என்பதை ஜூன் மாதமே காகிதத்தில் பார்த்துவிடலாம். அதற்குத்தான் கேஷ் பட்ஜெட். லாப நட்டக் கணக்கு வேறு, இது வேறு. பில் போட்ட தேதிக்கு இதில் வேலையில்லை. பணம் கைக்கு வரும் மாதத்தில்தான் வரவு எழுத வேண்டும். இயந்திரத் தேய்மானம் இதில் வராது, ஏனென்றால் அதற்காக யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. முதலாளி வீட்டுச் செலவுக்கு எடுப்பது கட்டாயம் வரும்.

ஒரு சிறிய அச்சகத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 80 லட்ச ரூபாய் வியாபாரம். செப்டம்பர், அக்டோபரில் தலா 10 லட்சம், நவம்பரில் 20, டிசம்பரில் 30, ஜனவரியில் 10 லட்சத்துக்குச் சரக்கு போகிறது. முன்பணத்தையும் சேர்த்து, சரக்கு போகும் மாதத்தில் 30 சதவீதம் கைக்கு வரும். அடுத்த மாதம் 40, அதற்கடுத்த மாதம் 30. இந்த விகிதத்தை மனத்தில் தோன்றியபடி போடக்கூடாது. போன சீசனின் வங்கிப் பாஸ்புக்கையும் பில் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கம் வைத்து, எந்த பில்லுக்கு எப்போது பணம் வந்தது என்று பார்த்து எடுக்க வேண்டும். பட்ஜெட்டின் உயிரே இந்த ஒரு வரிதான்.

செலவுப் பக்கம், காகித வியாபாரி ஒரு மாதம் தவணை தருகிறார். ஜூலையில் வாங்கிய காகிதத்துக்கு ஆகஸ்டில் 4 லட்சம் கட்ட வேண்டும். செப்டம்பரில் 8, அக்டோபரிலும் நவம்பரிலும் தலா 10, டிசம்பரில் 6. கூலி சாதாரண மாதத்தில் 1 லட்சம், செப்டம்பரில் 2, அடுத்த மூன்று மாதம் 3. தீபாவளி போனஸ் 2 லட்சம் அக்டோபரில். (தீபாவளி 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. போன வருடத் தாளை அப்படியே நகலெடுத்தால் போனஸ் தவறான மாதத்தில் விழும்.) வாடகை, மின்சாரம், வீட்டுச் செலவு எல்லாமாக மாதம் 1 லட்சம். டிசம்பரில் போட்ட பெரிய பில்களுக்கான ஜி.எஸ்.டி. ஜனவரி 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அது 5 லட்சம் என்று வைப்போம், பிப்ரவரியில் ஒன்றரை லட்சம். வாடிக்கையாளர் பணம் தராவிட்டாலும் இந்த வரி காத்திருக்காது.

ஜூலை முதல் தேதி கையிருப்பு 8 லட்சம். கணக்கு இப்படி வரும் (லட்ச ரூபாயில்):

| மாதம் | வரவு | செலவு | மாதக் கடைசி இருப்பு |
|---|---|---|---|
| ஜூலை | 0 | 2 | 6 |
| ஆகஸ்ட் | 0 | 6 | 0 |
| செப்டம்பர் | 3 | 11 | −8 |
| அக்டோபர் | 7 | 16 | −17 |
| நவம்பர் | 13 | 14 | −18 |
| டிசம்பர் | 20 | 10 | −8 |
| ஜனவரி | 21 | 7 | 6 |
| பிப்ரவரி | 13 | 3.5 | 15.5 |

செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை நான்கு மாதம் ஓ.டி. தேவை, அதிகபட்சம் 18 லட்சம் என்று இந்த அட்டவணை சொல்கிறது. பலர் இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு வங்கிக்குக் கிளம்புகிறார்கள். ஆபத்து இங்கேதான். அட்டவணை காட்டுவது மாதக் கடைசி நாளின் இருப்பை மட்டும்தான். நடு மாதத்தில் நடப்பது அதில் தெரியாது.

நவம்பரைப் பிரித்துப் பாருங்கள். மாதம் தொடங்கும்போதே 17 லட்சம் பள்ளம். காகிதக்காரருக்கு 10ஆம் தேதிக்குள் 10 லட்சம் போகிறது. 15ஆம் தேதிக்குள் இரண்டு சனிக்கிழமைக் கூலி ஒன்றரை லட்சம். வரவோ பெரும்பாலும் மாதத்தின் பின்பாதியில்தான் வரும். ஆக நவம்பர் நடுவில் பள்ளம் 28.5 லட்சம். 18 லட்சத்துக்கு ஓ.டி. வாங்கியவரின் காகிதச் செக் அன்று திரும்பி வரும். ஜனவரியும் அப்படித்தான்: மாதக் கடைசியில் 6 லட்சம் இருப்பு இருந்தாலும், மாதம் பிறக்கும்போது 8 லட்சம் ஓ.டி.யில்தான் கணக்கு நிற்கிறது. ஆகவே சீசன் மாதங்களுக்கு மட்டுமாவது வாரக் கணக்கு போட வேண்டும்.

அடுத்து ஒரு சோதனை. நவம்பரில் வர வேண்டிய 13 லட்சத்தில் 4 லட்சம் டிசம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனால்? நவம்பர் முடிவில் 22 லட்சம் பள்ளம். டிசம்பர் நடுவில் காகிதத்துக்கு 6, கூலிக்கு ஒன்றரை சேர்ந்து 29.5 லட்சம். எனவே வங்கியில் கேட்க வேண்டிய வரம்பு 30 லட்சம்.

வங்கியில் ஒரு முட்டுக்கட்டை வரும். நாயக் குழு பரிந்துரைத்த வழியில், சிறுதொழிலுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாகக் கணக்கிடுவது வங்கிகளின் வழக்கம். 80 லட்சத்துக்கு அது 16 லட்சம்தான். பன்னிரண்டு மாதமும் சீராக ஓடும் தொழிலுக்கு அந்தக் கணக்கு சரி. ஐந்து மாதத்தில் மொத்த ஆட்டத்தையும் ஆடும் தொழிலுக்குப் போதாது. சீசன் தொழில்களுக்குக் கேஷ் பட்ஜெட் அடிப்படையில் வரம்பு நிர்ணயிக்கும் முறையும் வங்கிகளில் உண்டு. அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: செப்டம்பர் முதல் ஜனவரி வரை 30 லட்சம், மற்ற மாதங்களுக்குக் குறைந்த வரம்பு. சொத்து அடமானத்தில் தரும் ஓ.டி.யா, சரக்கின் மேல் தரும் கேஷ் கிரெடிட்டா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கேஷ் கிரெடிட் என்றால் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும்; இன்னும் பணம் கட்டாத காகிதத்தின் மதிப்பைக் கழித்து, மிச்சத்திலும் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் எடுக்க விடுவார்கள். அனுமதி 30 லட்சம் இருந்தும் நவம்பரில் அவ்வளவும் எடுக்க முடியாமல் போகலாம்.

வட்டியைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. எடுத்த தொகைக்கு, எடுத்திருந்த நாட்களுக்கு மட்டுமே வட்டி. ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்து மாதக் கடைசி இருப்புகளை வைத்துப் பார்த்தால் நான்கு மாதத்துக்கு 51,000 ரூபாய் வருகிறது. நடு மாதப் பள்ளங்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். இதையும் செலவுப் பத்தியில் எழுதிவிட வேண்டும்.

விண்ணப்பத்தை ஜூன் மாதத்திலேயே கொடுப்பது நல்லது. அப்போது கணக்கில் பணம் இருக்கும், எதற்குக் கடன் என்று மேலாளர் கேட்பார். பதிலாக வாரக் கணக்கை அவர் மேசையில் வைக்கலாம். சீசன் ஓடும்போது ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நிஜ இருப்பைப் பட்ஜெட் இருப்பின் பக்கத்தில் எழுதி வாருங்கள். பிப்ரவரி முடிந்தும் கணக்கு மைனஸில் நின்றால் அது சீசன் பள்ளம் அல்ல. யாரிடமோ பெரிய பாக்கி சிக்கியிருக்கிறது, அல்லது விலை போட்டதிலேயே நட்டம். இரண்டில் எது என்று பில் புத்தகத்தை எடுத்து அந்த வாரமே பார்த்துவிட வேண்டும்.