லீவு லெட்டர் யாருக்கு?
(வேலை நடக்கும் விதம் – தொடர்)

தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒரு 'திட்ட இயக்குநர்' உண்டு. மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் அன்றாட நிர்வாகத்தை நடத்துபவர் அவர். தருமபுரியிலும் இருக்கிறார். இந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கிற யாரும், திட்டம் என்றால் இவர் சொன்னதுதான் சட்டம் என்று நினைப்பார்கள். ஆனால் ஒரு திட்டத்தை நடத்துபவருக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் என்பதைப் பலகை சொல்லாது. அதற்கு மூன்று கேள்விகள் போதும். வேலை செய்கிற ஆள் லீவு லெட்டரை யாரிடம் கொடுக்கிறார்? அவருடைய ஆண்டு மதிப்பீட்டை எழுதுவது யார்? பில்லில் கையெழுத்துப் போடுவது யார்?

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு தருமபுரி மாவட்டத்து வத்தல்மலைக்குப் போவோம். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் பால்சிலம்பு, சின்னங்காடு, ஒன்றியங்காடு, பெரியூர் என்று மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். சாமை, ராகியோடு காப்பியும் மிளகும் விளைகிற பூமி. சுற்றிலும் காப்புக்காடு. இங்கே சாலை போடுவது என்பது ஒரே துறை முடிக்கிற காரியமாக இருக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது நடந்த கதை அல்ல, எண்கள் நான் வைத்துக்கொண்டவை. விதிகள் மட்டும் நிஜம். இரண்டு சிற்றூர்களை இணைக்க 2.2 கிலோமீட்டர் சாலை தேவை. அதில் 1.4 கிலோமீட்டர் காட்டு நிலத்தில் போகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2), இப்படிப்பட்ட ஊர்களுக்கு ஒரு குறுக்கு வழி தருகிறது. சாலை, பள்ளி, அங்கன்வாடி, மின்கம்பி, குடிநீர்க் குழாய் உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொரு பணிக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலமும், ஹெக்டேருக்கு 75-க்கு மிகாமல் மரங்களும் என்றால், கிராம சபையின் பரிந்துரையோடு மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே அனுமதி கிடைக்கும். அந்த அளவைத் தாண்டினால் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம். கோப்பு மாவட்டத்தை விட்டுக் கிளம்பிவிடும். எப்போது திரும்பும் என்று யாரும் தேதி சொல்ல மாட்டார்கள்.

சாலைக்கு 6 மீட்டர் அகலம் என்றால் 1,400-ஐ 6-ஆல் பெருக்க 8,400 சதுர மீட்டர், அதாவது 0.84 ஹெக்டேர். தாராளமாக உள்ளே இருக்கிறது. ஆனால் இது மலை. சரிவை வெட்டும்போது மேல்பக்கம் மண் நிற்க ஒரு சாய்வு விட வேண்டும். அதற்குச் சராசரியாக 1.2 மீட்டர் கூடுகிறது என்று வையுங்கள். 1,680 சதுர மீட்டர் சேர்ந்து மொத்தம் 10,080. ஒரு ஹெக்டேர் என்பது 10,000. எண்பது சதுர மீட்டர், ஒரு சின்ன வீட்டு மனை அளவு, சாலையின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது.

இப்போது இப்படிப்பட்ட வேலையை நடத்தும் மூன்று வகை அமைப்புகளுக்கு வருவோம். முதலாவது துறைவாரி அமைப்பு. சாலையின் மதிப்பீட்டை ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் தயாரிக்கிறார். காட்டில் அளந்து அறிக்கை கொடுப்பவர் வனச்சரக அலுவலர். கம்பத்தை நகர்த்த வேண்டுமானால் மின்வாரியம். ஒவ்வொருவருக்கும் லீவு கொடுப்பவர் அவரவர் துறையில் இருக்கிறார். ஆண்டு மதிப்பீடும் அங்கேதான், பணமும் அந்தந்தத் தலைப்பில்தான். ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவரைப் போட்டாலும் அவர் கையில் இருப்பது ஒரு டைரியும் ஒரு செல்போனும். மாதம் ஒருமுறை ஆட்சியரின் ஆய்வுக் கூட்டத்தில் 'நிலுவை' என்ற வார்த்தையை எழுத்துப் பிசகாமல் வாசிக்கலாம்.

அந்த 1.2 மீட்டர் இந்த அமைப்பில் எப்படி நடந்துகொள்ளும் என்று பாருங்கள். சாய்வு விட்டது பொறியாளருக்குச் சரி. விடாவிட்டால் முதல் மழையில் மண் சரியும். ஹெக்டேர் தாண்டியதென்று கோப்பைத் திருப்பியது வனத்துறைக்குச் சரி, சட்டம் அப்படி. யாரும் தவறு செய்யவில்லை, சாலை மட்டும் நின்றுவிட்டது. வடிவமைக்கும்போதே இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கும் வேலை யாருடையதாகவும் இல்லை. துறைவாரி அமைப்பில் வரும் தாமதத்தை அடையாளம் காண்பது சுலபம்: எந்த மேசையிலும் கோப்பு நாள்கணக்காகத் தூங்கியிருக்காது, ஆனால் மேசைக்கும் மேசைக்கும் நடுவே மாதங்கள் போயிருக்கும்.

இதற்காக அந்த அமைப்பை மட்டம்தட்டவும் முடியாது. பத்து வருடம் மலைச்சாலையே போட்ட பொறியாளரை உருவாக்குவது துறைதான். சாலை முடிந்த பிறகும் அவர் அங்கேயே இருப்பார்.

இரண்டாவது மேட்ரிக்ஸ். ஒரே ஆளுக்கு இரண்டு அதிகாரிகள்: துறைத் தலைவர் ஒருவர், திட்டத் தலைவர் ஒருவர். இந்தியாவில் இதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். அப்துல் கலாம் 1982-இல் ஐதராபாத் டி.ஆர்.டி.எல். ஆய்வகத்தின் இயக்குநரானார். 1983-இல் 388 கோடி ரூபாயில் ஏவுகணைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி என ஐந்து. ஐந்துக்கும் தனித்தனித் திட்ட இயக்குநர்கள். ஆனால் உந்துவிசை, வழிகாட்டல், காற்றியக்கவியல் போன்ற பிரிவுகளை ஐந்தாக உடைக்கவில்லை. உடைத்திருந்தால் வழிகாட்டல் தெரிந்த ஒரு கைப்பிடி ஆட்கள் ஐந்து மூலைக்குச் சிதறியிருப்பார்கள்.

இதன் பலன் அக்னியின் உடம்பிலேயே தெரிந்தது. 1989 மே 22 அன்று பறந்த முதல் அக்னியின் கீழ்க்கட்டம் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் திட எரிபொருள் மோட்டார். மேல்கட்டம் பிருத்வியிலிருந்து வந்த திரவ எரிபொருள் எஞ்சின். ஒரு திட்டத்துக்குச் செய்தது இன்னொன்றுக்குப் போய்ச் சேர வேண்டுமானால், செய்தவர்கள் இரண்டு திட்டங்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

விலையும் உண்டு. ஐந்து திட்ட இயக்குநர்களும் ஒரே வாரத்தில் ஒரே சோதனைக் கூடத்தைக் கேட்டால்? மேட்ரிக்ஸ் சண்டையை ஒழிப்பதில்லை. அதற்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. டி.ஆர்.டி.எல்.லில் பிரிவுத் தலைவர்களுக்கும் திட்ட இயக்குநர்களுக்கும் மேலே ஒரே இயக்குநர், ஒரே கூரையின் கீழ். தீர்ப்பு சொல்லும் மேசை எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த மேசை இல்லாத மேட்ரிக்ஸில், இடையில் மாட்டிய இளம் பொறியாளர்தான் தீர்ப்பு சொல்கிறார்: யார் கோபம் ஆபத்தானதோ அவருடைய வேலையை முதலில் முடிக்கிறார். பெரும்பாலும் அது மதிப்பீடு எழுதுபவரின் கோபம். அதனால்தான் நிர்வாக நூல்கள் மேட்ரிக்ஸைப் பலவீனம், சமநிலை, வலிமை என்று மூன்றாகப் பிரிக்கின்றன. தூரத்திலிருந்து மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். பலவீனமானதில் ஆளும் பணமும் துறையிடம். திட்ட மேலாளர் நினைவூட்டுபவர். சமநிலையில் ஆளை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். வலிமையானதில் பணம் திட்டத்திடம், மதிப்பீட்டில் திட்ட மேலாளரும் எழுதுகிறார்.

நம் மலைச்சாலைக்கு வலிமையான மேட்ரிக்ஸ் போட்டால், சாலையின் மதிப்பீட்டை எழுதும் முன்பே பொறியாளரும் வனச்சரக ஊழியரும் கூட்டாக நடந்து அளந்திருப்பார்கள். 80 சதுர மீட்டர் மிச்சம் பிடிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெட்டு அதிகமாகும் இடத்தில் 100 மீட்டர் நீளத்துக்குத் தாங்குசுவர் கட்டினால் அங்கே 1.2 மீட்டர் சாய்வு தேவைப்படாது. 120 சதுர மீட்டர் குறையும். மொத்தம் 9,960. ஒரு ஹெக்டேருக்கு உள்ளே வந்துவிடும். எல்லையை ஒட்டி நிற்க மனம் வராதவர் சுவரை இன்னும் நீட்டிக்கொள்ளலாம். ஆனால் சுவருக்கு யார் பணம் கொடுப்பது? பணம் திட்ட மேலாளரிடம் இருந்தால் அன்று மாலையே முடிவெடுக்கலாம். இல்லாவிட்டால் 'மதிப்பீட்டில் சுவர் இல்லை' என்ற பதிலோடு எல்லாரும் மலை இறங்குவார்கள். மேட்ரிக்ஸின் வலிமையும் பலவீனமும் பிரிவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது திட்டவாரி அமைப்பு. ஆள், பணம், அலுவலகம், ஜீப் எல்லாம் திட்டத்துடையவை. லீவு லெட்டர் திட்ட மேலாளருக்கே. இதற்கு நெருக்கமான ஒன்றைத் தருமபுரி மாவட்டமே பார்த்திருக்கிறது: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனுதவி, 2008 பிப்ரவரியில் அடிக்கல், 2013 மே மாதம் தொடக்கம், மொத்தம் 1,928 கோடி ரூபாய்க்கு மேல். குடிநீர் வடிகால் வாரியம் இதைத் தன் அன்றாட வேலைகளோடு கலக்காமல், தனிப் பிரிவு வைத்து நடத்தியது. கடன் கொடுப்பவர்கள் பொதுவாக இதைத்தான் விரும்புவார்கள். கேள்வி கேட்க ஒரே முகம் வேண்டும் அவர்களுக்கு.

ஆனால் அந்தத் திட்டத்தின் முழுப்பெயரில் 'ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பு' என்பதும் இருக்கிறது. குழாய் பதிக்க ஒப்பந்ததாரர் போதும். பற்களிலும் எலும்புகளிலும் பாதிப்பைக் கண்டறியவும் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசவும் மருத்துவரும் ஆசிரியரும் வேண்டும். அவர்கள் வேறு துறைகளின் ஊழியர்கள். குழாய் வரை திட்டவாரி, பல்லுக்கு வந்ததும் மேட்ரிக்ஸ். நிஜத்தில் முழுக்க ஒரே வகையில் நிற்கும் அமைப்பைக் காண்பது அபூர்வம்.

வத்தல்மலைச் சாலைக்குத் திட்டவாரி அமைப்பு போட்டால்? இரண்டு கிலோமீட்டருக்குத் தனி அலுவலகம், தனிக் கணக்கர், தனி ஜீப் என்பது கொசு அடிக்கப் பீரங்கி. செலவை விடுங்கள், அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. வனத்துறையிலிருந்து ஒருவரை அயற்பணியில் எடுத்து, அவருடைய லீவையும் மதிப்பீட்டையும் திட்ட மேலாளரிடமே கொடுத்துவிடலாம். ஆனாலும் அனுமதியில் கையெழுத்திட வேண்டியவர் மாவட்ட வன அலுவலர். அது சட்டம் அந்தப் பதவிக்குக் கொடுத்த அதிகாரம். எந்த அமைப்பு வரைபடத்தாலும் அதை இடம் மாற்ற முடியாது. கிராம சபையின் தீர்மானமும் அப்படித்தான். திட்ட மேலாளர் அங்கே போய் உட்கார்ந்து கேட்கலாம், உத்தரவு போட முடியாது.

இன்னொரு தொல்லை சாலை திறந்த மறுநாள் தொடங்கும். மலைச்சாலையைக் கொல்வது வண்டிகள் இல்லை, தண்ணீர். பக்கவாட்டு வடிகால் அடைத்தால் தண்ணீர் தார் மேல் ஏறி விளிம்பை அரித்துவிடும். எந்தக் கல்வெர்ட்டில் சருகு அடைக்கும், எந்த வெட்டு ஈரமானால் நகரும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். திட்டவாரி அமைப்பில் அவர்கள் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். அலுவலகமே இருக்காது. மிஞ்சுவது அளவுப் புத்தகம். அதில் எத்தனை கன மீட்டர் என்று இருக்கும். எங்கே ஊற்று கசிந்தது என்று இருக்காது.

எனக்கு விட்டால் இந்தச் சாலையை ஊரக வளர்ச்சித் துறையின் கையிலேயே கொடுப்பேன். கூடவே ஆட்சியர் கையொப்பமிட்ட ஒரு பக்க ஆணை: ஒருங்கிணைப்பவர் பெயர், வாரத்தில் இரண்டு நாள் அவரோடு வேலை செய்ய வேண்டிய பொறியாளர் மற்றும் வனச்சரக ஊழியர் பெயர்கள், அவர் தானே செலவழிக்கக்கூடிய ஒரு தொகை, தகராறு வந்தால் யாரிடம் எத்தனை நாளில் போக வேண்டும் என்ற வரி. கட்டிய ஒன்றியப் பொறியாளரே இரண்டு மழைக்காலம் பராமரிப்பையும் பார்க்க வேண்டும். அந்த ஒன்றியப் பொறியாளரும் ஏற்கெனவே இரண்டு பேருக்குப் பதில் சொல்பவர்தான்: நிர்வாகத்துக்கு வட்டார வளர்ச்சி அலுவலர், தொழில்நுட்பத்துக்கு உதவிச் செயற்பொறியாளர். மேட்ரிக்ஸ் என்ற பெயரைக் கேட்காமலே அதில் பல வருடம் குடியிருக்கிறார்கள் நம் ஒன்றியப் பொறியாளர்கள்.

அந்த ஒரு பக்க ஆணையில் என்னென்ன எழுத வேண்டும், எதை எழுதினால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்பது அடுத்த வாரம்.