மாவுக்கட்டு பிரித்த பிறகு வரும் முறிவு

நாப்கின் மாற்றும்போது குழந்தையின் இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்துத் தூக்குவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சில குழந்தைகளுக்கு அந்த ஒரு தூக்கலிலேயே தொடை எலும்பு முறிந்துவிடும். சட்டை மாட்டிவிடும்போது கை முறியும். இந்த எலும்பு நொறுங்கும் நோய்க்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா. மருத்துவமனைகளில் சுருக்கமாக ஓ.ஐ. என்பார்கள். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இதோடு பிறக்கிறது.

இந்தக் குழந்தைகளுக்கு முறிந்த எலும்பு சேரவே சேராது என்று பலர் நினைக்கிறார்கள். அது சேர்ந்துவிடும், பெரும்பாலும் மற்ற குழந்தைகளுக்கு ஆகும் அதே நாட்களில் சேர்ந்துவிடும். ஆபத்து அதற்குப் பிறகுதான். இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் படுக்க வைத்தால், எடை தாங்காத எலும்பு இன்னும் மெலிகிறது, தசையும் வற்றுகிறது. கட்டைப் பிரித்து நிற்கவைத்த சில நாட்களில் அதே இடத்திலோ, கட்டு முடிந்த விளிம்பிலோ மறுபடி முறிகிறது. மறுபடி கட்டு, மறுபடி படுக்கை. மூன்று நான்கு முறை இப்படி நடந்தால் தொடை எலும்பு வெளிப்பக்கமாக வளைந்துவிடும். வளைந்த எலும்பில் எடை நேராக இறங்காது. வளைவின் உச்சியே அடுத்த முறிவுக்கான இடமாகிவிடும். இந்தத் தொடரை எங்கே, எப்படி அறுப்பது என்பதுதான் ஓ.ஐ. சிகிச்சையின் முக்கால் பங்கு.

எலும்பு என்பது கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் மாதிரி. கொலாஜன் என்ற புரத நார்தான் கம்பி. கால்சியம் உப்புகள்தான் சிமெண்டும் ஜல்லியும். ஓ.ஐ.யில் பழுது கம்பியில் இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளிடம் கொலாஜனை உருவாக்கும் COL1A1, COL1A2 என்ற இரண்டு மரபணுக்களில் ஒன்று மாறியிருக்கும். அதனால்தான் வெறும் கால்சியம் மாத்திரையால் இந்த நோய் தீர்வதில்லை.

1979இல் ஆஸ்திரேலியாவின் டேவிட் சிலென்ஸும் அவருடைய குழுவினரும் இந்த நோயை நான்கு வகையாகப் பிரித்தார்கள். இன்றும் மருத்துவர்கள் அந்த எண்களில்தான் பேசிக்கொள்கிறார்கள். முதல் வகையில் கொலாஜன் நல்லதாகவே இருக்கும், அளவுதான் பாதி. கண்ணின் வெள்ளைப் பகுதி நீலம் பூத்திருக்கும். உயரம் ஏறக்குறைய இயல்பாக இருக்கும். நடக்கத் தொடங்கிய பிறகே முறிவுகள் வரும். மற்ற மூன்றிலும் கொலாஜனே தவறாக முறுக்கப்பட்டிருப்பதால் பாதிப்பு கூடுதல். இரண்டாம் வகைக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்துவிடுகிறார்கள். பிழைத்து வளர்பவர்களில் மிகக் கடுமையானது மூன்றாம் வகை; கருவிலேயே எலும்புகள் முறிந்திருக்கும். முதலுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்பது நான்கு.

பிறகு மரபணு ஆய்வு வளர வளர எண்களும் நீண்டன. அவற்றில் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றுபவை. தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுக்கும் நம் பக்கத்தில் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். உதாரணமாக ஆறாம் வகையில், கீழே சொல்லப்போகும் மருந்து மற்ற வகைகளில் போல நன்றாக வேலை செய்வதில்லை. மரபணுப் பரிசோதனை சிகிச்சையையே மாற்றக்கூடிய இடம் அது.

அந்த மருந்தின் குடும்பப் பெயர் பிஸ்பாஸ்போனேட். 1998இல் கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள ஷ்ரைனர்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் பிரான்சிஸ் குளோரியூ குழுவினர், கடுமையான ஓ.ஐ. உள்ள 30 குழந்தைகளுக்கு பாமிட்ரோனேட்டை நரம்பு வழியே ஏற்றிப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். எலும்பின் அடர்த்தி கூடியது. முறிவுகள் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.7 குறைந்தன, தீராத வலி தணிந்தது. 16 குழந்தைகளின் நடமாட்டம் முன்னேறியது, 14 பேருக்கு அப்படியே இருந்தது. மருந்து கொடுக்காத குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆய்வு அல்ல அது. பின்னால் வந்த ஒப்பீட்டு ஆய்வுகள் அடர்த்தி கூடுவதை உறுதி செய்தன. கை கால் முறிவுகள் எவ்வளவு குறைகின்றன என்பதில் மட்டும் அவற்றின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை.

காரணம் எளிது. நம் உடலில் பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. கரைக்கும் செல்களை இந்த மருந்து மந்தப்படுத்துகிறது. ஆகவே கட்டியது தங்குகிறது, எலும்பு தடிக்கிறது, அமுங்கிப்போன முதுகெலும்புக் கட்டைகள் மெல்ல உயரம் திரும்புகின்றன. ஆனால் தங்கும் எலும்பும் அதே பழுதான கொலாஜனால் ஆனதுதான்.

நான்காம் வகை ஓ.ஐ. உள்ள நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். எடை 12 கிலோ. ஒரே தொடை மூன்றாவது முறை முறிந்திருக்கிறது, வளைவும் விழுந்துவிட்டது. வீட்டில் முதலில் செய்ய வேண்டியது, காலை நேராக்க இழுக்காமல் கிடந்த நிலையிலேயே மடித்த துண்டையோ அட்டையையோ அணைகொடுத்துத் தளர்வாகக் கட்டுவது. எண்ணெய் போட்டு உருவுவதும், எலும்பை இழுத்துச் சேர்க்கும் நாட்டுக் கட்டும் இவளுக்கு இன்னொரு முறிவைத் தந்துவிடும்.

மூன்று முறிவும் வளைவும் சேர்ந்துவிட்டதால் வெறும் கட்டு போதாது என்றே அறுவை மருத்துவர் சொல்வார். எலும்பைத் தகடும் திருகும் வைத்துப் பிணைப்பது இங்கே தவறு. தகடு முடியும் ஓரத்தில் அழுத்தம் குவிந்து அங்கே முறியும். எலும்பின் உள்ளே முழு நீளத்துக்கும் ராடு செலுத்த வேண்டும். வளைந்த எலும்பை ஓரிரு இடங்களில் வெட்டி நேராக்கி, ராடில் கோத்துவிடுகிறார்கள். மான்ட்ரியலின் ஃபாசியே, துவால் இருவரின் பெயரில் வழங்கும் ராடு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாயும் கம்பியுமாக இருக்கிறது. குழாய் தொடையின் மேல்முனையில் திருகப்படுகிறது, கம்பி முழங்காலுக்கு மேலுள்ள முனையில். எலும்பு வளர வளர இரண்டும் விலகி நீளும். முனையிலிருந்து கம்பி கழன்றாலோ, ராடு வளைந்தாலோ, எலும்பு அதன் நீளத்தைத் தாண்டி வளர்ந்தாலோ மாற்ற வேண்டும். அதனால்தான் வலி இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அறுவைக்குப் பின் சில வாரங்கள் மட்டும் லேசான தாங்குகட்டு; எலும்பு கூடத் தொடங்கியதுமே பிசியோதெரபிஸ்ட் அவளைத் தண்ணீரிலும் பிறகு தரையிலும் நிற்க வைப்பார்.

மருந்தை எப்போது ஏற்றுவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தானாக முறிந்த எலும்பு சேர்வதை பிஸ்பாஸ்போனேட் பெரிதாகத் தடுப்பதில்லை. மருத்துவர் வெட்டிய இடம் கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. எனவே அறுவைக்குப் பின் சில மாதங்கள் மருந்தை நிறுத்திவைப்பது வழக்கம்.

தொடங்கும் முன் ரத்தத்தில் கால்சியமும் வைட்டமின் டி-யும் பார்க்க வேண்டும். குறைவாக இருக்கும்போது மருந்து ஏற்றினால் கால்சியம் மேலும் சரிந்து விரல்கள் இழுத்துக்கொள்ளும், வலிப்பும் வரலாம். மான்ட்ரியல் முறைப்படி அவள் வயதுக்கு பாமிட்ரோனேட் கிலோவுக்கு 1 மில்லிகிராம். அதாவது 12 மில்லிகிராம் மருந்தை ட்ரிப்ஸில் கலந்து, சுமார் நான்கு மணி நேரம், மூன்று நாட்கள் தொடர்ந்து ஏற்றுவார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு முறை. முதல் சுற்றில் மட்டும் அளவைக் குறைத்துத் தொடங்குவார்கள். அந்த முதல் முறை பெரும்பாலும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். பாராசிட்டமாலில் அடங்கும், அடுத்த முறைகளில் பொதுவாக வராது. மூச்சுத் திணறல் உள்ள கைக்குழந்தைக்கு இதே எதிர்வினை ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பார்கள். இப்போது பலரும் பயன்படுத்தும் சோலிட்ரோனிக் அமிலத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

சில ஆண்டுகள் கழித்து அவள் முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்தால், எலும்பு முனைக்கு அருகே வெள்ளை வரிகள் அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வொரு வரியும் ஒரு முறை மருந்து ஏற்றியதற்கான அடையாளம். வரிகளுக்கு இடையிலுள்ள தூரம் அந்த இடைவெளியில் அவள் வளர்ந்த அளவு. வளரும் வயதில் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால், கடைசி வரிக்குப் பிறகு உருவாகும் புது எலும்பு மெலிதாகவும் பழையது அடர்த்தியாகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் முறிவுகள் வருவதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் முதல் சில ஆண்டுகள் முழு அளவு, பிறகு குறைந்த அளவு என்று வளர்ச்சி நிற்கும்வரை கொண்டுபோவதைப் பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.