பன்னிரண்டு எண்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

ஒரு மருத்துவமனை, தன்னிடம் வரும் புறநோயாளிகளில் பாதிப் பேர் 20 நிமிடத்துக்குள் மருத்துவரைப் பார்த்துவிடுகிறார்கள் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். காத்திருக்கும் நேரத்தின் இடைநிலை 20 நிமிடம் என்பதே இதன் பொருள். உண்மையில் அதைவிட அதிகம் என்று நாம் சந்தேகிக்கிறோம். வெவ்வேறு நாட்களில் வந்த 12 பேரைக் கேட்டதில் கிடைத்த நிமிடங்கள்: 31, 24, 18, 20, 27, 45, 22, 35, 26, 16, 23, 95.

இவ்வளவு சிறிய கூறுக்கு ஏற்றது குறிச் சோதனை. 20-க்கு மேலிருந்தால் கூட்டல் குறி, கீழிருந்தால் கழித்தல் குறி. சரியாக 20 என்று சொன்னவர் எந்தப் பக்கமும் சேரமாட்டார். அவரை நீக்கிவிட வேண்டும். மிஞ்சும் 11 பேரில் கூட்டல் 9, கழித்தல் 2.

இடைநிலை உண்மையிலேயே 20 என்றால் ஒவ்வொருவருக்கும் கூட்டலோ கழித்தலோ விழ வாய்ப்பு சரிபாதி. நாணயம் சுண்டுவது போலத்தான். ஆகவே ஈருறுப்பு அட்டவணையில் n = 11, p = 0.5 என்ற பகுதியைத் திறக்கிறோம். சரியாக 2 கழித்தல் விழும் வாய்ப்பை மட்டும் எடுப்பது பலரும் செய்யும் பிழை. 0, 1, 2 மூன்றையும் கூட்ட வேண்டும்: (1 + 11 + 55) / 2048 = 0.0327. திரள் அட்டவணையில் 2-க்கு நேரே இந்த எண்ணே இருக்கும்.

அதாவது, மருத்துவமனை சொல்வது சரியாக இருந்தால், கழித்தல் இவ்வளவு குறைவாக வர நூற்றில் மூன்றுக்குச் சற்று மேல்தான் வாய்ப்பு. வழக்கமான 0.05 எல்லைக்குள் இது அடங்குவதால் அந்தக் கூற்றை ஏற்க மறுக்கலாம்.

ஆனால் 'அதிகமா' என்று கேட்காமல் '20 இல்லையா' என்று மட்டும் கேட்டிருந்தால் இரு பக்கமும் பார்க்க வேண்டும். அப்போது 0.0327 இரட்டிப்பாகி 0.0654 ஆகும், மறுக்க முடியாது. எனவே கேள்வியை, எண்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

95 நிமிடம் காத்தவரும் 22 நிமிடம் காத்தவரும் இங்கே ஒரே ஒரு கூட்டல்தான். தனியாகத் துருத்தி நிற்கும் ஓர் எண் முடிவைக் குலைக்காது. அதே காரணத்தால் எவ்வளவு தாமதம் என்பதும் தெரியாமல் போகும். ஒரே நாளில் ஒரே வரிசையில் நின்ற 12 பேரை எடுத்தாலோ சோதனையே செல்லாது. ஒருவரின் தாமதம் பின்னால் நிற்பவரையும் தாமதிக்கச் செய்யும். குறிகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே உடைந்துவிடுகிறது.

நான்கே பேர் என்றால் நால்வருக்கும் கூட்டல் விழுந்தாலும் 1/16, அதாவது 0.0625. ஒரு பக்கக் கேள்விக்குக் குறைந்தது ஐந்து குறிகளும், இரு பக்கக் கேள்விக்கு ஆறும் இல்லாமல் 0.05 எல்லையில் எந்தக் கூற்றையும் இந்தச் சோதனையால் மறுக்க முடியாது.