கடைசிச் சொல்லுக்குக் காத்திருக்கும் ரஷ்ய வாக்கியம்

ரஷ்ய மொழி கற்கத் தொடங்குகிறவர்களுக்கு ஆரம்பப் பாடங்களிலேயே ஓர் ஆறுதல் கிடைத்துவிடும்: சொற்களை எந்த வரிசையில் வைத்தாலும் பொருள் கெடாது. இதற்குக் காரணமாக வேற்றுமைகளைக் காட்டுவார்கள். ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமைகள் உண்டு. பெயர்ச்சொல்லின் ஈறு பெரும்பாலும் அதன் வேலையைச் சொல்லிவிடும். 'க்னீகா' என்றால் எழுவாயாக நிற்கும் புத்தகம். 'க்னீகு' என்றால் புத்தகத்தை. 'குபீலா' என்றால் வாங்கினாள். ஆகவே 'அன்னா குபீலா க்னீகு' என்பதில் உள்ள மூன்று சொற்களை ஆறு விதமாக அடுக்கலாம்; ஆறிலும் வாங்கியவள் அன்னாதான், வாங்கப்பட்டது புத்தகம்தான். அதுவரை அந்த ஆறுதல் உண்மை. ஆனால் அது பாதி உண்மை. யார் எதை வாங்கினார் என்பது மாறாவிட்டாலும், அந்த வாக்கியம் எந்தக் கேள்விக்குப் பதில் என்பது வரிசைக்கு வரிசை மாறிவிடுகிறது. அன்றாடப் பேச்சில் யாரும் வாக்கியத்தைத் தனியாகச் சொல்வதில்லை. கேட்டோ கேட்காமலோ நிற்கும் ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான் சொல்கிறோம்.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. 'அன்னா என்ன வாங்கினாள்?' என்று கேட்டால் ரஷ்யர் சொல்லும் முழு வாக்கியப் பதில் 'அன்னா குபீலா க்னீகு'. 'புத்தகத்தை யார் வாங்கியது?' என்று கேட்டால் 'க்னீகு குபீலா அன்னா'. 'அன்னா அந்தப் புத்தகத்தை என்ன செய்தாள், இரவல் வாங்கினாளா?' என்றால் 'அன்னா க்னீகு குபீலா', அதாவது விலைக்கு வாங்கினாள். மூன்று பதில்களிலும் கேள்வியில் ஏற்கெனவே இருந்த சொற்கள் முன்னால் வந்துவிடுகின்றன. கேட்டவருக்குத் தெரியாத ஒன்று மட்டும் கடைசியில் நிற்கிறது. இன்னொரு சோதனை, மறுப்புச் சொல்லான 'நெ'. ரஷ்ய மொழியில் எதை மறுக்கிறோமோ அதற்கு முன்னால் அது ஒட்டிக்கொள்ளும். 'க்னீகு குபீலா நெ அன்னா' என்றால் புத்தகம் வாங்கப்பட்டது உண்மை, வாங்கியவள் அன்னா அல்ல. 'அன்னா குபீலா நெ க்னீகு' என்றால் அன்னா ஏதோ வாங்கினாள், அது புத்தகம் அல்ல. இந்த இரண்டு வாக்கியங்களிலும் மறுப்பும் புதுச்செய்தியும் வாக்கியத்தின் வால்பகுதியில் ஒன்றாகச் சேர்ந்துகொள்வதைக் கவனிக்கலாம்.

வினைச்சொல்லே இல்லாத வாக்கியத்திலும் இது நடக்கிறது. 'க்னீகா நா ஸ்தலே' என்றால் நாம் தேடிக்கொண்டிருக்கும் புத்தகம் மேசைமேல் இருக்கிறது. 'நா ஸ்தலே க்னீகா' என்றால் மேசையைப் பார்க்கிறோம், அதன்மேல் ஒரு புத்தகம் இருக்கிறது. அதேபோல, எதிர்பார்த்த ரயில் வந்துவிட்டால் 'போயெஸ்த் பிரிஷோல்'. எதிர்பாராமல் ஏதோ ஒரு ரயில் வந்து நின்றால் 'பிரிஷோல் போயெஸ்த்'. ஆங்கிலம் 'எ', 'தி' என்ற சிறு சொற்களை வைத்துச் செய்யும் வேலை இது. ரஷ்ய மொழியில் அப்படிப்பட்ட சொற்கள் கிடையாது. அந்த வேலையில் பெரும்பங்கை இடமே செய்கிறது. முன்னால் நிற்கும் பெயர் நமக்குத் தெரிந்த பொருளாகவும், கடைசியில் நிற்கும் பெயர் இப்போதுதான் அறிமுகமாகும் பொருளாகவும் காதில் விழுகிறது.

இந்த முறை எவ்வளவு ஆழமாக ஊறியது என்பதற்கு ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளின் தொடக்கமே போதும். 'ஜில்-பில் த்ஸார்': வாழ்ந்தார், இருந்தார் என்ற வினைகள் முதலில், ராஜா கடைசியில். அந்த ராஜாவை இதற்குமுன் யாருக்கும் தெரியாது. ஆகவே அவருக்குக் கடைசி இடம். அடுத்த வாக்கியம் 'உ த்ஸர்யா பீலோ த்ரி ஸீனா', ராஜாவுக்கு மூன்று மகன்கள் இருந்தார்கள். இப்போது ராஜா தெரிந்தவராகிவிட்டார், முன்னால் வந்துவிட்டார். புதியவர்களான மகன்கள் கடைசிக்குப் போய்விட்டார்கள். அடுத்து 'ம்லாத்ஷெவோ ஸ்வாலி இவான்', இளையவனை இவான் என்று அழைத்தார்கள். மகன்கள் அறிமுகமாகிவிட்டதால் இளையவன் முன்னால். பெயர்தான் புதிது, அதனால் கடைசி. ஒரு வாக்கியத்தின் முடிவு அடுத்த வாக்கியத்தின் தொடக்கமாகிறது. நம் அந்தாதி சொல்லைக் கொண்டு செய்வதை இது செய்தியைக் கொண்டு செய்கிறது. இந்த மூன்று வாக்கியங்களில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற பாடநூல் வரிசை ஒன்றில்கூட இல்லை. ஆனாலும் எந்த ரஷ்யக் குழந்தைக்கும் இவை வளைத்துச் சொன்னதாகத் தோன்றாது. இதுதான் இயல்பான வரிசை.

வாக்கியத்துக்கு இலக்கண ஓட்டம் ஒன்றும் எண்ண ஓட்டம் ஒன்றும் உண்டு என்று பழைய மொழிகளின் சொல்வரிசையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி வெய்ல் 1844-இல் எழுதினார். பிராகா மொழியியல் வட்டத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரான செக் அறிஞர் வில்லெம் மாத்தேசியுஸ், 1930-களில் இதை முறையான கோட்பாடாக வளர்த்தார். ரஷ்ய இலக்கண நூல்கள் இன்று பயன்படுத்தும் 'தெமா', 'ரெமா' என்ற பிரிப்பு அந்த மரபில் வந்தது. தெமா என்பது எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது. ரெமா என்பது அதைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி. இரினா கோவ்துனோவா 1976-இல் வெளியிட்ட நூல் ரஷ்யச் சொல்வரிசை முழுவதையும் இந்தப் பிரிப்பின்மேல் நிறுத்தி விளக்கியது. சோவியத் அறிவியல் கழகத்தின் 1980-ஆம் ஆண்டு இலக்கணமும் அதே வழியில்தான் சென்றது.

சரி, புதுச்செய்தி ஏன் கடைசிக்குப் போகிறது? வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வேற்றுமை ஈறுகள். எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. துருக்கி, ஹங்கேரி மொழிகளிலும் வேற்றுமை ஈறுகள் நிறைய உண்டு. அங்கே புதுச்செய்தி வினைக்கு நேர் முன்னால் வந்து நிற்கிறது. தமிழும் அப்படித்தான்: 'மேசைமேல் புத்தகம் இருக்கிறது', 'புத்தகம் மேசைமேல் இருக்கிறது' என்ற இரண்டில் வினைக்கு முன்னால் நிற்பதே செய்தி, கடைசி இருக்கை வினைக்குப் போய்விட்டது. அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் நாம் 'புத்தகத்தை வாங்கியது அன்னா' என்று வாக்கியத்தின் அமைப்பையே மாற்றுவதும் உண்டு. ஈறுகள் சொற்களுக்கு நகர அனுமதி தருகின்றன. எங்கே போக வேண்டும் என்று அவை சொல்வதில்லை. கேட்பவரின் மனம் தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் போவதுதான் சுலபம் என்பது இரண்டாவது காரணம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வட அமெரிக்காவின் கயூகா போன்ற மொழிகளில் புதிதும் முக்கியமுமான செய்தி முதலில் வருகிறது என்று மரியான் மித்துன் 1987-இல் காட்டினார். மனித மனத்தின் இயல்பு மட்டுமே காரணம் என்றால் அந்த மொழிகளைப் பேசுகிறவர்களுக்கும் அதே மனம்தானே?

ரஷ்ய மொழிக்கே உரிய காரணம் குரலில் இருக்கிறது. உணர்ச்சியேற்றம் இல்லாத சாதாரண வாக்கியத்தில் குரலின் முக்கிய அழுத்தம் கடைசிச் சொல்லின்மேல் விழுந்து இறங்கும். அழுத்தம் விழும் சொல்தான் செய்தி. அழுத்தம் தன் இடத்தில் நிலையாக இருப்பதால், செய்தியாக வேண்டிய சொல் அந்த இடத்துக்கு நகர்ந்து வருகிறது. ஈறுகள் அந்த நகர்தலைத் தடுப்பதில்லை. ஆங்கிலத்திலும் அழுத்தத்தின் இயல்பான இடம் கடைசிதான், ஆனால் ஈறுகள் இல்லாததால் சொற்கள் நகர முடியாது; அழுத்தம்தான் எழுந்து சொல்லைத் தேடிப் போக வேண்டும். ஈறு, அழுத்தம் என்ற இரண்டு காரணங்களும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் ரஷ்ய வாக்கியத்தின் வடிவம் கிடைக்கிறது. இதற்கு நல்ல சான்று பிரதிப்பெயர்கள். 'அவனை' என்று சொல்லும்போதே யாரென்று தெரிந்துவிட்டது. அது செய்தியாக முடியாது. அதனால் 'அவனை எனக்குத் தெரியும்' என்பதற்கு ரஷ்யர் இயல்பாகச் சொல்வது 'யா யெவோ ஸ்னாயு': நான், அவனை, அறிவேன். வினை நடுவில் நிற்கும் மொழி என்று வகைப்படுத்தப்பட்ட ரஷ்ய மொழி இங்கே தமிழ் வரிசையிலேயே நிற்கிறது.

இதற்கு வலுவான ஆட்சேபம் பேச்சுமொழியிலிருந்து வரும். தெருவில், வீட்டில் பேசும் ரஷ்யர் 'புத்தகத்தை யார் வாங்கியது?' என்ற கேள்விக்கு 'அன்னா குபீலா' என்றே சொல்லிவிடலாம், 'அன்னா' என்பதை உரக்க அழுத்தி. தொலைபேசி மணி அடித்தால் 'திலிஃபோன் ஸ்வனீத்!' என்கிறார்கள், அழுத்தம் முதல் சொல்லின்மேல். புதுச்செய்தி கடைசியில்தான் வரும் என்ற விதி இங்கே உடைந்துவிட்டதே என்று கேட்கலாம். கடைசி இடம் என்ற விதி உடைந்தது உண்மைதான். செய்தியும் அழுத்தமும் சேர்ந்தே இருக்கும் என்ற அடிப்படை விதி உடையவில்லை. சொல் அழுத்தத்திடம் போகலாம், அல்லது அழுத்தம் சொல்லிடம் வரலாம். நிதானமான பேச்சில் முதல் வழி; அவசரத்திலும் உணர்ச்சியிலும் இரண்டாவது வழி. அதோடு, தொலைபேசி வேறு என்ன செய்யும், அடிக்கத்தான் செய்யும். அந்த வினைக்குச் செய்தி என்ற தகுதி மிகக் குறைவு. எழுத்தில்தான் நிலைமை வேறு. தாளில் குரல் இல்லை. வாசகர் கடைசிச் சொல்லின்மேல்தான் அழுத்தம் வைத்துப் படிப்பார். அதனால் அச்சிட்ட ரஷ்ய மொழியில் இந்த ஒழுங்கு மிகக் கண்டிப்பாகக் காக்கப்படுகிறது.

விதி தளர்ந்து நிற்கும் ஓரிடமும் உண்டு. சில பெயர்களில் எழுவாய் வடிவமும் செயப்படுபொருள் வடிவமும் ஒன்றே. 'மாத் லூபித் தோச்' என்பதில் தாய், மகள் இரண்டு சொற்களுக்கும் ஈறு மாறாது. இங்கே சொற்களை இடம் மாற்றினால் நேசிப்பவரே மாறிவிடுவார். முதலில் நிற்பதையே எழுவாயாக எடுத்துக்கொள்வார்கள். ஈறு தரும் அனுமதி போனதும் சுதந்திரமும் போய்விடுகிறது.

வெளியிலிருந்து கற்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் எழுத்தில்தான். 'போரும் அமைதியும்' நாவலை எழுதியது யார் என்று தேர்வில் கேட்டால், பலர் தல்ஸ்தோயின் பெயரை முதலில் வைத்து எழுதிவிடுவார்கள். ஈறுகள் சரியாக இருக்கும். இலக்கணப் பிழை ஒன்றும் இருக்காது. ஆனால் ரஷ்யர் அதைப் படிக்கும்போது, தல்ஸ்தோய் எதை எழுதினார் என்ற வேறொரு கேள்விக்கான பதிலாகத்தான் அது தெரியும். சரியான பதில் 'வொய்னூ இ மீர் நபிஸால் தல்ஸ்தோய்'. நாவலின் பெயர் முன்னால் வந்து, செயப்படுபொருள் ஈறும் ஏற்றுக்கொள்கிறது, ஆசிரியர் கடைசியில். இந்தப் பிழையைச் சிவப்பு மையால் சுழிக்க முடியாது, ஏனென்றால் எந்தச் சொல்லும் தவறில்லை. ரஷ்ய மொழி கற்கிறவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதும் முன், அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வியில் இல்லாத சொல்லைக் கடைசியில் வையுங்கள். ஈறுகளை மனப்பாடம் செய்யும் வாரங்களிலேயே இதையும் தொடங்கிவிடுங்கள்.